போனைக் கைமாற்றும் முன் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்

பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதிய போன் வாங்கும் நாளில் எல்லோரும் கவலைப்படுவது படங்களுக்காகவும், தொடர்பு எண்களுக்காகவும், வாட்ஸ்ஆப் உரையாடல்களுக்காகவும்தான். சிம் கார்டைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. ஊசியால் குத்தித் தட்டை வெளியே இழுத்து, சிம்மை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டால் எண் நம்மோடு வந்துவிடும். இ-சிம் வந்த பிறகு அப்படி எடுத்து வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. ரீசெட் செய்யும்போது திரையில் வரும் ஒரு சின்னக் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதற்குத் தவறாகப் பதில் சொன்னால், வங்கியிலும் ஆதாரிலும் பல வருடங்களாகப் பதிந்திருக்கும் எண் ஓரிரு நாள் முடங்கிப்போகலாம். அல்லது முன்பின் தெரியாத ஒருவர் கையில் அந்த எண் உயிரோடு போய்ச் சேரலாம்.

இ-சிம்மை வைத்திருக்கவா, அழிக்கவா என்பதுதான் அந்தக் கேள்வி. போன் உங்களிடமே இருக்கப்போகிறது என்றால் சரியான பதில் 'வைத்திரு'. போன் இன்னொருவருக்குப் போகிறது என்றால் சரியான பதில் 'அழி'. ஆனால் இந்த 'அழி' என்பதைத் தொடுவதற்கு முன்னால் வேறொரு வேலை முடிந்திருக்க வேண்டும். அந்த வேலையை விட்டுவிடுவதால்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அது ஏன் என்று புரிய, இ-சிம் போனுக்குள் எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

போனின் நினைவகத்தில் இல்லை

நம் படங்களும் செயலிகளும் போனின் சேமிப்பகத்தில் இருக்கின்றன. இ-சிம் அங்கே இல்லை. மதர்போர்டில் பற்றவைக்கப்பட்ட தனிச் சிப் ஒன்றில் இருக்கிறது. 2017-இல் கூகுளின் பிக்சல் 2, 2018-இல் ஆப்பிளின் ஐபோன் எக்ஸ்எஸ் என்று தொடங்கி, இன்று விலை கூடிய பெரும்பாலான போன்களில் இந்தச் சிப் உண்டு. ஒவ்வொரு சிப்புக்கும் 32 இலக்க அடையாள எண் ஒன்று இருக்கும். போனில் எண்களை அழுத்தும் இடத்தில் `*#06#` என்று தட்டினால், EID என்ற பெயருக்கு அருகில் அந்த எண் தெரியும். போனின் 15 இலக்க IMEI எண்ணும் அங்கேயே வரும்.

சிப் வெறும் இடம்தான். தொலைபேசி நிறுவனம் அதற்குள் இறக்கிவைக்கும் தகவல் தொகுப்புக்குப் பெயர் 'புரொஃபைல்'. நிறுவனத்தின் வலையமைப்பில் உங்களை அடையாளம் காட்டும் எண்ணும், அதோடு சேர்ந்த ஒரு ரகசியச் சாவியும் அதில் உண்டு. கவனிக்க வேண்டிய விஷயம் என்னவென்றால், உங்கள் பத்து இலக்க மொபைல் எண் உண்மையில் குடியிருப்பது போனில் அல்ல. அது நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. 'இந்த மொபைல் எண்ணுக்கு வரும் அழைப்பை, இந்த ரகசியச் சாவி வைத்திருப்பவரிடம் சேர்' என்ற பதிவு அங்கே இருக்கும். வீட்டுக்குப் பூட்டை மாற்றினால் பழைய சாவி வெறும் இரும்பாகிவிடுவதைப்போல, நிறுவனம் அந்தப் பதிவை வேறொரு புரொஃபைலுக்கு மாற்றிய கணமே பழைய புரொஃபைல் செத்துவிடும். போனில் அது பெயரளவில் தெரிந்துகொண்டிருந்தாலும் அழைப்பு வராது.

புரொஃபைலை நகல் எடுக்க முடியாது. நகல் எடுக்க முடிந்தால் உங்கள் எண்ணை வேறு யாரும் போலியாக உருவாக்கிவிடலாம் என்பதால், அந்தக் குறிப்பிட்ட சிப்பால் மட்டுமே திறக்கக்கூடிய வகையில் பூட்டித்தான் நிறுவனம் அதை அனுப்புகிறது. அதனால்தான் ஐகிளவுட், கூகுள் போன்ற பேக்கப் எதிலும் இ-சிம் வருவதில்லை. படங்கள் அனைத்தும் திரும்பி வந்த புதிய போனில் சிக்னல் மட்டும் வராமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ரீசெட் என்ன செய்கிறது

சேமிப்பகமும் சிப்பும் தனித்தனி என்பதால், ஃபேக்டரி ரீசெட் செய்தாலே இ-சிம் போய்விடும் என்று சொல்ல முடியாது. சேமிப்பகத்தைத் துடைப்பது ஒரு வேலை, சிப்பில் இருக்கும் புரொஃபைலை அழிப்பது இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்துச் செய்யவா என்று போன் உங்களைக் கேட்கும்.

ஐபோனில் எல்லாவற்றையும் அழிக்கும்போது, இ-சிம்மை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிப்பது, இ-சிம்மையும் சேர்த்து அழிப்பது என்ற இரண்டு வழிகளும் திரையில் வரும். கூகுள் பிக்சல் போன்ற ஆண்ட்ராய்டு போன்களில் ரீசெட் பக்கத்தில் `Erase eSIMs` என்ற வகையில் ஒரு தேர்வுப் பெட்டி இருக்கும். ரீசெட் பட்டியலிலேயே இ-சிம்களை மட்டும் அழிக்கத் தனி வரியும் உண்டு. சொற்கள் மாடலுக்கு மாடல் மாறும். ஆனால் eSIM என்ற சொல் திரையில் எங்கே வந்தாலும் அங்கே விரலை நிறுத்தி, முழு வரியையும் படித்துவிட்டே மேலே போக வேண்டும்.

போன் மெதுவாக ஓடுகிறது, வைரஸ் என்று சந்தேகம், ஏதோ செயலி சிக்கல் என்று உங்கள் போனை உங்களுக்காகவே ரீசெட் செய்கிறீர்களா? இ-சிம்மை வைத்திருங்கள். ரீசெட் முடிந்து போன் திரும்ப எழுந்ததும் அதே லைன் அதே இடத்தில் இருக்கும்.

இதே இடத்தில் இன்னொரு தவறும் நடக்கிறது. சிக்னல் சரியில்லை என்று அமைப்புகளைத் திறப்பவர்கள், லைனைத் தற்காலிகமாக நிறுத்தும் பொத்தானுக்குப் பதிலாக `Delete eSIM` என்பதை அழுத்திவிடுகிறார்கள். சாதாரணச் சிம்மைக் கழற்றி மாட்டிப் பார்க்கும் பழைய பழக்கம்தான் காரணம். இ-சிம்மில் கழற்றி மாட்டுவதற்குச் சமமானது லைனை அணைத்துப் போடுவது மட்டுமே. அணைத்த லைனைத் திரும்ப எப்போது வேண்டுமானாலும் போடலாம். அழித்த புரொஃபைலைப் போன் தானாகத் திரும்பக் கொண்டுவராது.

அழித்த பிறகு என்ன நடக்கும்

புரொஃபைலை அழித்தால் எண் ரத்தாகிவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். ரத்தாகாது. எண் உங்கள் பெயரிலேயே இருக்கும், ரீசார்ஜ் நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும், போஸ்ட்பெய்டு என்றால் பில்லும் வரும். போனில் இருந்த சாவி மட்டும் போய்விட்டது. கூப்பிடுபவர்களுக்கு 'ஸ்விட்ச் ஆஃப்' அல்லது 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று கேட்கும். மாத பில்லை நிறுத்துவதற்காக இ-சிம்மை அழிப்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். இணைப்பைத் துண்டிக்க நிறுவனத்திடம்தான் சொல்ல வேண்டும்.

'முதலில் வந்த கியூஆர் குறியீடு மின்னஞ்சலில் இருக்கிறதே, அதைத் திரும்ப ஸ்கேன் செய்தால் போதாதா?' என்பது அடுத்து வரும் கேள்வி. அந்தக் கியூஆருக்குள் இருப்பது கிட்டத்தட்ட இப்படி ஒரு வரி:

```
LPA:1$smdp.example.com$ABCD-1234-EFGH
```

நடுவில் இருப்பது புரொஃபைல் காத்திருக்கும் சர்வரின் முகவரி. கடைசியில் இருப்பது அந்த ஒரு புரொஃபைலைக் கேட்டு வாங்குவதற்கான குறியீடு. அதாவது கியூஆரில் இ-சிம் இல்லை, அதை எங்கே போய் வாங்குவது என்ற சீட்டுதான் இருக்கிறது. ஒரு முறை இறக்கியதும், 'இது கொடுக்கப்பட்டுவிட்டது' என்று சர்வர் குறித்துக்கொள்ளும். அதன் பிறகு அதே சீட்டைக் காட்டினால் பெரும்பாலும் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது', 'செல்லாது' என்ற வகையில் பதில் வரும். அதே போனில் மறுபடி இறக்கிக்கொள்ளச் சில நிறுவனங்கள் அனுமதிப்பது உண்டு. ஆனால் அதை நம்பி அழிக்கக் கூடாது. சுற்றுலாவுக்காக வாங்கும் வெளிநாட்டு இ-சிம்களில் பல, ஒரு முறை அழித்தால் போனது போனதுதான் என்ற நிபந்தனையோடே விற்கப்படுகின்றன.

ஆக, புதிய புரொஃபைல் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். சிக்கல் இங்கேதான் இறுகுகிறது. நம் நாட்டில் இ-சிம் கேட்கும் எளிய வழி எஸ்எம்எஸ். ஜியோவில் `GETESIM` என்று தொடங்கி EID, IMEI எண்களைச் சேர்த்து 199-க்கு அனுப்புவதும், ஏர்டெல்லில் `eSIM` என்று எழுதிப் பதிவு செய்த மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்து 121-க்கு அனுப்புவதும் பலருக்குப் பழகிய முறைகள். இந்த எஸ்எம்எஸ் எந்த எண்ணுக்கு இ-சிம் வேண்டுமோ அதே எண்ணிலிருந்து போக வேண்டும். லைனை அழித்துவிட்டவர் எதிலிருந்து அனுப்புவார்? நிறுவனத்தின் செயலி வழியாகக் கேட்கலாம் என்றால், அதற்குள் நுழைய ஓடிபி வேண்டும். ஓடிபி வருவது அழிந்துபோன அதே எண்ணுக்கு. கடைசியில் ஆதாரோடு நிறுவனத்தின் கடைக்குப் போய், விரல் ரேகை வைத்து மாற்றுச் சிம் வாங்குவதுதான் வழி என்றாகிறது.

வீட்டு வாசலில் நடக்கும் எக்ஸ்சேஞ்ச்

இதெல்லாம் ஒரே நாளில் எப்படி வந்து மோதும் என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். திருச்சியில் ஒரு பள்ளி ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஐபோனில் ஒரே லைன், அதுவும் இ-சிம். இணையக் கடையில் எக்ஸ்சேஞ்ச் முறையில் புதிய ஆண்ட்ராய்டு போனுக்கு ஆர்டர் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு டெலிவரி தம்பி வாசலில் நிற்கிறார். பழைய போனை வாங்கிச் சோதிக்கிறார்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம். ஓடிபி சொல்லிட்டு, ரீசெட் பண்ணிக் குடுத்துருங்க."

"தம்பி, இதுல இ-சிம் இருக்கே. அதை என்ன பண்றது?"

"அதெல்லாம் அழிச்சுதான் மேடம் குடுக்கணும். புது போன்ல திரும்பப் போட்டுக்கலாம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அழித்துத்தான் கொடுக்க வேண்டும், புதிய போனில் திரும்பப் போட்டுக்கொள்ளவும் முடியும். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அவர் சொல்லவில்லை. அடுத்த வீட்டு டெலிவரிக்கு நேரமாகிவிட்ட அவருக்குச் சொல்ல நேரமும் இல்லை. ஆசிரியை ஓடிபியைச் சொல்கிறார், இ-சிம்மையும் சேர்த்து அழிக்கிறார், பழைய போன் போய்விடுகிறது.

புதிய போனில் வீட்டு வைஃபை வருகிறது. பழைய கியூஆரை ஸ்கேன் செய்கிறார், செல்லாது என்கிறது. நிறுவனத்தின் செயலி ஓடிபி கேட்கிறது, வர வழியில்லை. மதியம் கடைக்குப் போய், ஆதார் காட்டி, விரல் ரேகை வைத்து, புதிய இ-சிம்முக்கு விண்ணப்பிக்கிறார். மாலையில் லைன் வந்துவிடுகிறது. அழைப்பு போகிறது, வருகிறது, இணையமும் ஓடுகிறது. எல்லாம் முடிந்தது என்று நினைத்து யுபிஐ செயலியைத் திறக்கிறார். எண்ணைச் சரிபார்க்க முடியவில்லை என்கிறது.

காரணம், மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2022-இல் கொண்டுவந்த பாதுகாப்பு விதி. சிம் மாற்றப்பட்டால், புதிய சிம் இயங்கத் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கப்படும். உள்ளே வராது, வெளியேயும் போகாது. உங்கள் பெயரில் வேறொருவர் திருட்டுத்தனமாகச் சிம் வாங்கிவிட்டால், அவர் கையில் வங்கி ஓடிபி உடனே சிக்கக் கூடாது என்பதற்காக வந்த நல்ல விதி அது. உண்மையான உரிமையாளரும் அந்த 24 மணி நேரம் காத்திருந்தாக வேண்டும். யுபிஐ செயலி புதிய போனில் நம் எண்ணை உறுதிசெய்ய, நம் சிம்மிலிருந்து பின்னணியில் ஓர் எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கும். அது போகாததால் செயலி நின்றுவிடுகிறது. வங்கி ஓடிபியும் எஸ்எம்எஸ்ஸில் வராது. வாட்ஸ்ஆப் மட்டும் அழைப்பு மூலம் எண்ணைச் சொல்லும் வசதியால் பிழைத்துக்கொள்ளும். மற்றவை சனிக்கிழமை மாலைக்குத்தான். அன்றைக்கு மருத்துவமனைக் கட்டணமோ, வெளியூர்ப் பயணமோ இருந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார்?

அதே எக்ஸ்சேஞ்ச், சரியான வரிசையில்

இதே ஆசிரியை புதன்கிழமையே தொடங்கியிருந்தால் கதை வேறு. புதன்கிழமை கடைக்குப் போய், இ-சிம்மைச் சாதாரணச் சிம் கார்டாக மாற்றித் தரக் கேட்கிறார். புதிய சிம்மை அதே பழைய ஐபோனின் தட்டில் போடுகிறார். அந்தச் சிம் உயிர்பெற்றதும், போனுக்குள் இருந்த இ-சிம் தானாகச் செயலிழக்கிறது. அந்த லைனுக்குப் பக்கத்தில் `No Service` போன்ற ஒரு சொல் வருகிறது. அது பிழையல்ல, எண் இடம் மாறிவிட்டது என்பதற்கான சான்று. வியாழக்கிழமை மாலைக்குள் 24 மணி நேரக் கட்டுப்பாடும் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை டெலிவரி தம்பி வரும்போது ஓடிபி சாதாரணச் சிம்மில் வருகிறது. அதைச் சொல்லிவிட்டு, சிம் கார்டை வெளியே எடுக்கிறார், ரீசெட் செய்கிறார், செத்துப்போன இ-சிம்மைத் தயங்காமல் சேர்த்து அழிக்கிறார். சிம் கார்டைப் புதிய போனில் போட்டதும் எண் பேசுகிறது. சிம் அதேதான் என்பதால் புதிய காத்திருப்பு இல்லை. யுபிஐயும் அன்றே பதிவாகும். புதிய போனிலும் இ-சிம்தான் வேண்டும் என்றால், அவசர வேலை எதுவும் இல்லாத வேறொரு நாளில் மாற்றிக்கொள்ளலாம். அப்போது மறுபடி 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிற்கும் என்பதை மட்டும் கணக்கில் வைத்தால் போதும்.

சிம் தட்டே இல்லாத போன் வாங்கினால் என்ன செய்வது? 2022-இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இல் தட்டு எடுக்கப்பட்டது. 2025-இல் வந்த ஐபோன் ஏர் உலகம் முழுவதும் தட்டு இல்லாமலே விற்கப்படுகிறது. அப்படிப்பட்ட போன் வரப்போகிறது என்றாலும் இதே வழி பயன்படும். ரீசெட்டுக்கு முன் எடுத்த சிம் கார்டை வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு போனில் போடுங்கள். புதிய போனின் EID, IMEI எண்களைக் குறித்துக்கொண்டு, அந்தச் சிம்மிலிருந்தே இ-சிம் கோரிக்கையை அனுப்புங்கள். எண் உங்கள் கையில் உயிரோடு இருக்கும் வரை கோரிக்கை அனுப்பவும், வரும் ஓடிபியைப் படிக்கவும் வழி இருக்கிறது.

பழைய போனும் புதிய போனும் ஒரே நேரத்தில் கையில் இருந்தால் வேலை இன்னும் எளிது. ஐபோனிலிருந்து ஐபோனுக்கு, சில ஆண்ட்ராய்டு போன்களுக்கிடையே, இ-சிம்மை நேரடியாக மாற்றும் வசதி போனிலேயே இருக்கிறது. உங்கள் நிறுவனம் அதை அனுமதித்தால் மட்டுமே அது நடக்கும். அனுமதிக்காவிட்டால் எஸ்எம்எஸ் அல்லது செயலி வழி. எந்த வழியானாலும் புதிய போனில் வைஃபை இருக்க வேண்டும், ஏனென்றால் புரொஃபைல் இணையம் வழியாகத்தான் இறங்கும். கியூஆர் மின்னஞ்சலில் வரும் நிறுவனம் என்றால், அவர்களிடம் பதிந்திருப்பது நீங்கள் இன்றும் திறக்கக்கூடிய மின்னஞ்சல்தானா என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். கல்லூரிக் காலத்து முகவரியோடு பதிந்த எண்கள் ஏராளம்.

மாற்றியதும் சோதித்துப் பார்க்காமல் பழைய போனைத் தொடக்கூடாது. புதிய போனிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசுங்கள், அவரைத் திரும்ப அழைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் கழித்து எஸ்எம்எஸ் அனுப்பியும் வாங்கியும் பாருங்கள். புதிய போனில் இவை நடக்க வேண்டும், பழைய போனில் அந்த லைனுக்குச் சிக்னல் இருக்கக் கூடாது. இரண்டும் உறுதியான பிறகே பழைய போனில் இ-சிம்மை அழிக்க வேண்டும். அழிக்கும்போது அந்தப் போன் வைஃபையில் இருப்பது நல்லது. புரொஃபைல் நீக்கப்பட்டது என்ற செய்தியைப் போன் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும், அது போய்ச் சேர இணையம் வேண்டும்.

அழிக்காமல் விற்றால்

இதுவரை பார்த்தது லைன் தொலைவதைப் பற்றி. அதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது. எங்கே அழித்தால் எண் போய்விடுமோ என்று பயந்து, இ-சிம்மை வைத்துக்கொண்டு மற்றவற்றை மட்டும் அழித்து, போனை விற்றுவிடுவது. படங்கள் போய்விட்டன, கடவுச்சொற்கள் போய்விட்டன, ஆனால் எண் அந்தப் போனில் உயிரோடு இருக்கிறது. வாங்கியவர் போனைத் தொடங்கியதும் லைன் சிக்னல் பிடிக்கும். உங்களுக்கு வரும் அழைப்பு அவரிடம் ஒலிக்கும். உங்கள் வங்கி அனுப்பும் ஓடிபி அவர் திரையில் வரும். அவர் நல்லவராக இருந்து அதை அழித்தாலும், மேலே சொன்ன கடைப் படலம் உங்களுக்குக் காத்திருக்கிறது.

இப்படி நடந்துவிட்டது என்று தெரிந்தால் போனைத் தூரத்திலிருந்து துடைக்க முயல்வதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். முதலில் உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை வேறொரு போனிலிருந்து அழைத்து, சிம்மை முடக்கச் சொல்லுங்கள். பிறகு கடைக்குப் போய் மாற்றுச் சிம் வாங்குங்கள். எண் புதிய சிம்முக்கு மாறிய கணமே, விற்ற போனில் இருக்கும் புரொஃபைல் பயனற்றுப்போகும். அந்தப் போன் எங்கே இருந்தாலும், யாரிடம் இருந்தாலும் இது வேலை செய்யும்.

பழைய போன் வாங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன் போனின் சிம் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். யாருடைய லைனாவது அங்கே பட்டியலில் இருந்தால், விற்பவரிடம் சொல்லி, அவர் எண்ணை மாற்றிக்கொண்டாரா என்று கேட்டு, அவர் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள். இன்னொருவரின் எண் உங்கள் கையில் இருக்கும் போனில் இயங்குவது உங்களுக்கும் தேவையில்லாத வம்பு. சிப்பின் EID எண் போனோடு வருவது, அதில் தவறில்லை. அதே சிப்பில் உங்கள் புரொஃபைலை இறக்கிக்கொள்ளலாம்.

பழுதுபார்க்கும் கடையும் வெளிநாடும்

ரீசெட்டும் இல்லாமல், விற்பனையும் இல்லாமல் இ-சிம் போகும் இடம் ஒன்று உண்டு. தண்ணீர் போன போனை சர்வீஸ் சென்டரில் கொடுக்கிறோம், மதர்போர்டை மாற்றித் தருகிறார்கள். சிப் மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டது என்பதால், போர்டு மாறினால் சிப்பும் மாறும், EID எண்ணும் மாறும், புரொஃபைல் பழைய போர்டோடு போய்விடும். வெளித்தோற்றத்தில் அதே போன், உள்ளே வேறு போன். திரை, பேட்டரி மாற்றினால் இந்தக் கவலை இல்லை. போர்டு வேலை என்று சொன்னால், போனைக் கொடுக்கும் முன்பே எண்ணைச் சாதாரணச் சிம்முக்கு மாற்றி வேறொரு போனில் போட்டுக்கொள்ளுங்கள். போன் எழவே இல்லை என்றாலும் கடையில் மாற்றுச் சிம் வாங்க முடியும், அதற்குப் பழைய போன் தேவையில்லை.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஊர் வங்கிக் கணக்குக்கு ஓடிபி வருவதற்காகவே நம் நாட்டு எண்ணை இ-சிம்மாக வைத்திருப்பவர்கள் அவர்களில் பலர். ஐபோன் 17 வரிசையில் சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் நாடுகளில் விற்கப்படும் மாடல்களுக்குச் சிம் தட்டு கிடையாது. எனவே அங்கே வாங்கும் புதிய போனில் இ-சிம்மைத் தவிர வேறு வழியில்லை. அங்கே இருந்துகொண்டு அழித்துவிட்டால், ஆதாரோடு போய் நிற்க இங்குள்ள கடை அங்கே இல்லை. போன் மாற்றுவது என்று முடிவு செய்தால், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, திரும்பும் விமானத்துக்குச் சில நாட்கள் முன்பே, எண்ணை மாற்றி எஸ்எம்எஸ் வருகிறதா என்று பார்த்துவிடுவதே பாதுகாப்பு. அதுவரை பழைய போனை விற்காமல் வைத்திருங்கள்.

எக்ஸ்சேஞ்ச் நடத்தும் கடைகளிடமும் ஒரு வேண்டுகோள். பழைய போனில் கீறல் இருக்கிறதா, திரை சரியா என்று ஆர்டர் போடும்போதே பத்துக் கேள்வி கேட்கிறீர்கள். 'இதில் இ-சிம் இருக்கிறதா? இரண்டு நாள் முன்பே எண்ணை மாற்றிவிடுங்கள்' என்ற ஒரு வரியையும் அதோடு சேர்த்துவிட்டால், பல வீடுகளில் ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும். வாசலில் நின்று அவசரப்படும் டெலிவரி ஊழியர் தலையில் அந்தப் பொறுப்பைச் சுமத்தக் கூடாது.

வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டியது வரிசை ஒன்றுதான். முதலில் எண்ணை மாற்றுங்கள். அடுத்து, மாறியதைப் பேசியும் எஸ்எம்எஸ் வாங்கியும் உறுதிசெய்யுங்கள். கடைசியில் பழைய போனில் அழியுங்கள். போனை விற்கும் தேதிக்கு இரண்டு நாள் முன்பே இதைத் தொடங்கிவிட்டால், உங்கள் எண் ஒரு மணி நேரம்கூட உங்கள் கையை விட்டுப் போகாது.